அளவு நோட்டு

தீபாவளி முடிந்த வாரம் தேக்கா சந்தையின் இரண்டாம் தளம் ஊமையாகிவிடும். அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் மெஷினுக்கு எண்ணெய் விடக்கூட நேரம் கிடைக்காது. முடிந்த மறுநாளே பாருங்கள், கீழே மீன் வெட்டுகிற சத்தம் மாடிவரை கேட்கும். நான் அந்த வாரத்தில்தான் வெட்டுத் துணிகளைப் பெருக்கிக் கூட்டி, பாபின் பெட்டியைக் கவிழ்த்து, கடையைக் கடை மாதிரி ஆக்குவேன். உதவிக்கு இருக்கும் பெண் ஜோகூருக்குப் போயிருந்தாள். லீவு முடியப் பத்து நாள் ஆகும்.

அப்படி ஒரு புதன்கிழமை பகலில் சாந்தா வந்தாள். பின்னாலேயே மகள் நித்யா, தோளில் பட்டுப்புடவைப் பை.

எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு தீபாவளிக்கும் சாந்தா ஜாக்கெட் தைக்கக் கொடுக்காமல் இருந்ததில்லை. 2023இல் சந்தையை மூன்று மாதம் மூடிப் பழுதுபார்த்தபோது நான் மெஷினைத் தோ பாயோ வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துத் தைத்தேன். அங்கேயும் தேடி வந்தவள். இந்த வருடம் எட்டிப் பார்க்கவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டாள், இல்லாவிட்டால் ரெடிமேடு வாங்கிக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். தையல்காரிகளின் மனசு சின்னது. அதை ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

"நித்யாவுக்குக் கல்யாணம் அக்கா. தை மாதம், பெருமாள் கோயிலில்" என்றாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை யார், எந்த ஊர், பெண் பார்த்தது யார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். நித்யா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். சாந்தா ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாடி ஏறி வந்ததற்கு மூச்சு வாங்கியது. தொளதொளவென்று ஒரு சல்வார். அவள் சல்வார் போட்டு நான் பார்த்ததில்லை.

கீழேயிருந்து மூன்று தே ஹலியா வரவழைத்தேன். சாந்தா கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை. சூடு மட்டும் வேண்டியிருந்தது போலிருந்தது.

புடவையைப் பிரித்தோம். காஞ்சிபுரம். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. ஜாக்கெட் துணி புடவையோடு ஒட்டியே வந்திருந்தது. நல்ல கெட்டிப் பட்டு. நகத்தால் கீறினால் கீச்சென்றது.

சாந்தா தன் பையிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். "அளவு ஜாக்கெட் கொண்டுவந்திருக்கிறேன். இதை வைத்தே வெட்டிவிடுங்கள் அக்கா."

போன வருடம் நான் தைத்த பச்சை ஜாக்கெட்தான். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"கல்யாண ஜாக்கெட் அம்மா" என்றாள் நித்யா. "உடம்பிலேயே அளவு எடுத்துவிடட்டும். ஆண்ட்டி சும்மாதானே இருக்கிறார்கள்."

"எதற்கு? அக்காவுக்கு என் அளவு மனப்பாடம்."

"இருந்தாலும் எடுங்கள் ஆண்ட்டி."

சாந்தா என்னைப் பார்த்தாள். நான் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

என் கடையில் நிலைக்கண்ணாடி சுவரோடு இருக்கிறது. அளவு கொடுப்பவர் அதைப் பார்த்து நிற்க வேண்டும், நான் பின்னால் நிற்பேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்காரும் பெண் நோட்டில் எழுதுவாள். உதவிக்கு ஆள் இல்லாததால் நோட்டையும் பேனாவையும் நித்யாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, அம்மாவின் பெயரைக் குண்டு குண்டாக எழுதினாள். பள்ளியில் தமிழ் ஒழுங்காகப் படித்த பெண்.

"தோள்?" என்றாள்.

"பதினான்கு."

பதின்மூன்றரைதான் இருந்தது. அரை இஞ்சு பெரிய விஷயமில்லை, என் கைத் தவறாகவும் இருக்கலாம் என்று பழைய அளவையே சொல்லிவிட்டேன். அடுத்து மார்புச் சுற்று. சல்வாரை முதுகுப்பக்கம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாடாவைச் சுற்றினேன். துணி வந்துகொண்டே இருந்தது, இன்னும் வந்தது. என் உள்ளங்கை நிறையத் துணி. அதற்குள்ளே சாந்தா எங்கோ இருந்தாள். விரல் முதுகெலும்பில் பட்டது. ஒவ்வொரு கணுவாக எண்ணலாம்.

முப்பத்து நான்கரை.

நாடாவைத் தளர்த்தி மறுபடி சுற்றினேன். முப்பத்து நான்கரை.

அந்த எண்ணை நான் முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறேன். 2006இல், முதல்முறை அவள் வந்தபோது. ஏழு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு முப்பத்தாறு, முப்பத்தேழு, போன வருடம் முப்பத்தெட்டு. "ஏறுகிற கணக்கு அக்கா, இறங்கவே இறங்காது" என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். நானும் பக்கத்து இனிப்புக் கடையைக் கை காட்டுவேன்.

"மார்பு எவ்வளவு ஆண்ட்டி?"

கண்ணாடியில் சாந்தாவின் கண்கள் என் கண்களைப் பிடித்தன. அவள் தலையை ஆட்டவில்லை, உதட்டை அசைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் கை காட்டாமல் நின்றுகொண்டே பஸ் நிற்க வேண்டும் என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

பேனா நகர்கிற சத்தம் கேட்டது.

"போன வருடம் மாதிரியேதான்" என்று ஏன் சேர்த்துச் சொன்னேனோ. பொய் சொல்லத் தெரியாதவள் கூடுதலாக ஒரு வார்த்தை பேசுவாள்.

இடுப்பு இருபத்தொன்பதரை. முப்பத்து மூன்று என்றேன். இனி உண்மையான அளவு என் தலைக்குள் மட்டும்தான். முப்பத்து நான்கரை, இருபத்தொன்பதரை. வாய் ஒன்றைச் சொல்ல மனசு இன்னொன்றை முணுமுணுத்தது. நடுவில் நித்யா மண்டபத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். முப்பத்து நான்கரை, இருபத்தொன்பதரை.

"கை எப்போதும் போலக் குட்டைக் கைதானே?" என்று சாந்தாவைக் கேட்டேன்.

"இல்லை அக்கா. முழங்கைக்குக் கீழே வரட்டும்."

"நீ எப்போதிருந்து முக்கால் கை? புழுங்குகிறது என்று ஊரையே திட்டுவாயே."

"இப்போது அதுதான் எல்லோரும் போடுகிறார்கள்."

அவளே வலது கையை நீட்டினாள். நான் பழக்கத்தில் இடது கையைப் பிடித்துச் சல்வார்க் கையை மேலே தள்ளிவிட்டேன். முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு உருண்டை, அதன்மேல் குறுக்காக ஒட்டிய பிளாஸ்திரி. சுற்றிலும் பழைய நீலம், அதற்கும் பழைய மஞ்சள். இது முதல் பஞ்சு இல்லை.

சல்வார்க் கையை இறக்கிவிட்டேன். வலது கையை அளந்தேன். பத்து.

"கைச்சுற்று பன்னிரண்டு."

முப்பத்து நான்கரை, இருபத்தொன்பதரை, பத்து.

"எப்போது கிடைக்கும்?" என்று சாந்தா கேட்டாள். கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கல்யாணம் தையில்தானே. மார்கழிக் கடைசியில் வா. போட்டுப் பார்த்துச் சரிசெய்ய ஒரு வாரம் இருக்கும்."

"டிசம்பர் முதல் வாரமே கொடுத்துவிடுங்களேன்."

பேனா நின்றது. நித்யா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அவ்வளவு சீக்கிரம் எதற்கு அம்மா?"

"மார்கழியில் எனக்கு வேலை இருக்கும்டி. பத்திரிகை கொடுக்க வேண்டும், ஈப்போவிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்போது தேக்காவுக்கு அலைய முடியாது."

நித்யா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எழுதினாள். நிறைய எழுதினாள், ஒரு தேதிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. தலைக்குள் மூன்று எண்ணைத் தூக்கிக்கொண்டு திரிகிறவளுக்கு வேறு எதுவும் உறைக்காது.

சாந்தா பர்ஸைத் திறந்து நூறு வெள்ளித் தாளை மேசையில் வைத்தாள். பட்டு ஜாக்கெட்டுக்கு, லைனிங்கோடு, நான் வாங்குவது அறுபது. அதையும் பேரம் பேசி ஐம்பதுக்குக் கொண்டுவருவாள். முதலில் பத்து வெள்ளி கொடுத்து, மீதியைத் துணி வாங்கும்போது எண்ணி எண்ணி வைப்பாள். பத்தொன்பது வருட வழக்கம்.

"முழுசாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. மிச்சம் வேண்டாம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாளை அவள் பக்கமே தள்ளிவைத்தேன். "பத்து வெள்ளி கொடு போதும். மீதி பேரம் பேசி வாங்கிக்கொள்கிறேன்."

"கையில் சில்லறை இல்லை."

"இல்லாவிட்டால் துணி வாங்க வரும்போது கொடு. கல்யாணத்துக்குப் பிறகு மறுவீட்டு ஜாக்கெட் வேறு இருக்கிறது, மொத்தமாகக் கணக்குப் பார்க்கலாம். நான் எங்கே ஓடிப்போகிறேன்?"

சாந்தா சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்து மடித்து பர்ஸில் வைத்தாள். நித்யா தன் பையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து நோட்டுக்கு அடியில் செருகினாள்.

படிவரை போய் வழியனுப்பினேன். நித்யா புடவைப் பையை ஒரு தோளிலும் அம்மாவின் கைப்பையை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டாள். சாந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மகள் ஒரு படி முன்னால் இறங்கினாள். பேசிக்கொண்டேதான், ஆனால் பின்பக்கமாகக் கையை நீட்டி வைத்துக்கொண்டு. சாந்தா அதைப் பிடிக்கவில்லை. நித்யாவும் மடக்கவில்லை.

ஓடிவந்து நோட்டைத் திறந்தேன், மறப்பதற்குள் எழுதிவிட வேண்டுமே.

பெயர், தேதி, தொலைபேசி எண் எல்லாம் சுத்தமாக இருந்தன. கீழே, நான் அச்சடித்து வைத்திருக்கும் கட்டத்தில் தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று. எதற்கும் நேராக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்ன ஒரு எண்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. குறிப்பு எழுதுகிற கோட்டில் மட்டும், அதே குண்டு எழுத்தில்:

"உள்ளே துணி தாராளமாக விடவும். பிறகு பிரித்துக்கொள்ளலாம்."

கோப்பைகளை எடுத்து ஓரமாக வைத்தேன். சாந்தாவுடையது நிறைந்தே இருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது. பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தேன். முப்பத்து நான்கரை. இருபத்தொன்பதரை. பத்து. தோளுக்கும் பதின்மூன்றரை என்றே எழுதினேன்.

பிறகு மஞ்சள் பட்டை மேசையில் விரித்துச் சுண்ணாம்புக் கட்டியால் அந்த அளவுக்குக் கோடு போட்டேன். அதற்கு வெளியே, பக்கத்துக்கு இரண்டு இஞ்சு தள்ளி இன்னொரு கோடு. துணி போதுமா என்று பார்த்தேன். கை கொஞ்சம் இடித்தது. முக்கால் கைக்குத் துண்டு வைத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும், கரைக்குள் மறைத்துவிடலாம்.

வெளிக்கோட்டில் கத்தரியை வைத்தேன்.