எங்கள் பக்கத்திலிருந்து வந்த லிங்க்கைத் தொடாதீர்கள்

நேற்று இரவு 11:40-க்கு எங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கில் வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள். "உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியை உறுதி செய்யுங்கள்" என்று பலருக்கு எங்கள் பெயரில் மெசேஜ் போயிருக்கிறது. அதை நாங்கள் அனுப்பவில்லை. 'பதிப்புரிமைப் புகார்' என்று வந்த போலி மெயிலை நம்பி எங்களில் ஒருவர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். தவறு எங்களுடையதுதான், மன்னியுங்கள்.

காலை 6 மணிக்குக் கணக்கை மீட்டோம். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டோம். (முன்பே போட்டிருக்க வேண்டும்!)

இன்பாக்ஸில் நீங்கள் அனுப்பிய பெயர், போன் நம்பர், முகவரி, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அவர்கள் பார்த்திருக்கலாம். கார்டு விவரங்களை நாங்கள் சேமிப்பதே இல்லை.

லிங்க்கைத் திறந்து கார்டு நம்பரோ ஓடிபியோ கொடுத்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள். நம்பரை கூகுளில் தேட வேண்டாம், கார்டின் பின்பக்கம் இருக்கும். பாஸ்வேர்டு கொடுத்தவர்கள் உடனே மாற்றுங்கள்; அதையே மெயிலுக்கும் வைத்திருந்தால் அங்கேயும். திறந்து பார்த்ததோடு சரி என்றால், மெசேஜை ரிப்போர்ட் செய்தால் போதும்.

இனி சில நாட்களுக்கு உங்கள் ஆர்டர் விவரத்தைச் சரியாகச் சொல்லியே யாராவது போன் செய்யலாம். நம்பாதீர்கள். ஓடிபி நாங்கள் ஒருபோதும் கேட்பதில்லை. பணம் போயிருந்தால் கமென்டில் எழுதாமல் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமென்டைப் பார்த்துவிட்டு 'மீட்டுத் தருகிறோம்' என்று இன்னொரு கும்பல் வரும்.