ட்ரையாஜ் குறிப்பு: வயிற்று வலி, இமை சரிவு

அவசர சிகிச்சைப் பிரிவு, தாலுகா அரசு மருத்துவமனை, ஈரோடு மாவட்டம்
18.09.2024, புதன். வந்த நேரம் காலை 5:38. சரக்கு ஆட்டோவில், கணவருடன்.
பெண், 34 வயது, எடை சுமார் 52 கிலோ. சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பு. மல்லிகை பறிக்கும் வேலை.

வந்த காரணம்: 3 மணிக்குப் பூப் பறிக்க எழுந்தபோதே அடிவயிற்றைப் பிடித்து இழுப்பது போல வலி. இரண்டு முறை வாந்தி. பேதி இல்லை. வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். 4:30 வாக்கில் தொண்டை அடைப்பது போல இருந்திருக்கிறது, பேச்சும் குழறியிருக்கிறது. "கண்ணைத் தொறக்கவே முடியலீங்க, தூக்கமெல்லாம் இல்லீங்க" என்று மூக்கால் பேசுவது போன்ற குரலில் சொல்கிறார். கணவர், "கேஸ் புடிச்சிருக்குங்க, ஒரு ஊசி போட்டு உடுங்க" என்கிறார்.

5:40 அளவீடுகள்: பல்ஸ் 104, சீராக இருக்கிறது. பிபி 138/88. மூச்சு நிமிடத்துக்கு 22, மேலோட்டமானது. சாச்சுரேஷன் அறைக் காற்றில் 97%. வெப்பம் 98.4 டிகிரி ஃபாரன்ஹீட். ரத்தச் சர்க்கரை 118. வலி 10-க்கு 6.

நினைவு: பெயர், ஊர், நேரம் சரியாகச் சொல்கிறார், கையை அழுத்தச் சொன்னால் அழுத்துகிறார். இமை தானாகத் திறக்காததற்குக் காரணம் தசைத் தளர்ச்சி. கிளாஸ்கோ மதிப்பில் கண்ணுக்குரிய எண்ணை இதை மனதில் வைத்துப் படிக்கவும், மயக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் பாப்பா இரு பக்கமும் 3 மி.மீ., வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது. இரு இமையும் சரிந்து பாதிக் கண்ணை மறைக்கின்றன. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 விநாடி வைத்திருக்க முடியவில்லை. ஒரே மூச்சில் 14 வரைதான் எண்ணுகிறார். எச்சில் வாயிலேயே தேங்குகிறது, விழுங்கச் சிரமப்படுகிறார்.

வகை: சிவப்பு. முடிவு செய்த நேரம் 5:44.

காரணம்: அளவீடுகளை மட்டும் பார்த்தால் மஞ்சள்தான் வரும். ஆனால் படுத்த இடத்தைக் கேட்டதும் விஷயம் மாறிவிட்டது. மழை பெய்ததால் இரவு வாசலில் படுக்காமல், விறகு அடுக்கியிருக்கும் திண்ணையில் பாயில் படுத்திருக்கிறார். தரையில் தூக்கம், விடியும் முன் வயிற்று வலி, அதன்பின் இமைச் சரிவு, குரல் மாற்றம், விழுங்கச் சிரமம்: இந்த வரிசை கட்டு விரியன் கடிக்குரியது. அதன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, தூங்குபவருக்குக் கடித்ததே தெரியாமல் போகும். இடது முழங்கைக்கு மேல் ஊசி குத்தியது போல ஒரு சிறு புள்ளி இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் சிவப்புதான்.

பூச்சிமருந்தா என்றும் பார்த்தோம். தோட்டத்தில் ஒரு வாரமாக மருந்து அடிக்கவில்லை என்கிறார் கணவர். பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கவில்லை, வியர்வை இல்லை, மருந்து வாடையும் இல்லை. ராத்திரி சாப்பிட்டதையே மற்றவர்களும் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

97% என்ற எண்ணை வைத்து யாரும் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் தசை தளர்ந்து நெடுநேரம் கழித்துத்தான் சாச்சுரேஷன் இறங்கும். 5:52-க்கு மறுபடி பார்த்ததில் சாச்சுரேஷன் 96%, ஒரே மூச்சு எண்ணிக்கை 11. பன்னிரண்டு நிமிடத்துக்குள் இந்த இறக்கம்.

செய்தது: 5:46-க்குச் சிவப்புப் பகுதி, பணி மருத்துவரிடம் நேரில் சொல்லியாயிற்று. இடப்பக்கம் சாய்த்து, எச்சிலை உறிஞ்சி, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறது. வாய்வழி எதுவும் கொடுக்கவில்லை. தசை ஊசி தவிர்க்கப்பட்டது. வலது கையில் நரம்பு ஊசி. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 5:50-க்கு ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்திருக்கிறது, 6:10-க்குப் பார்க்கவும். கட்டு விரியன் கடியில் ரத்தம் சாதாரணமாக உறையும், அதனால் உறைந்துவிட்டது என்று விஷமுறிவு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். விஷமுறிவு மருந்து 10 குப்பி, அட்ரினலின், மூச்சுக்குழாய்க் கருவிகள், ஆம்பு பை கட்டிலருகே தயார். பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தால் மூச்சுவழியைப் பாதுகாத்த பிறகு மட்டும் 108-இல் ஏற்றவும்.

கணவரிடம்: "இது கேஸ் இல்லீங்க, பாம்புக்கடியா இருக்கும். பாம்பைத் தேடிப் போகாதீங்க" என்று சொன்னேன். அப்போதுதான் 7 வயது மகனும் அதே பாயில் படுத்திருந்தது தெரிந்தது. வீட்டில் பாட்டியுடன் தூங்கிக்கொண்டிருக்கிறானாம். உடனே எழுப்பிப் பேச வைத்துக் கூட்டிவரச் சொல்லி ஃபோன் போட வைத்தேன்.

6:25: சிறுவன் வந்துவிட்டான். இமை, குரல், விழுங்குதல் சரி. மூச்சு 20, சாச்சுரேஷன் 99%. தோலில் தடம் தெரியவில்லை, வயிற்று வலி இல்லை. வகை: மஞ்சள், தனிச் சீட்டு போட்டாயிற்று. 24 மணி நேரம் கண்காணிப்பு, மணிக்கொரு முறை இமையும் எண்ணிக்கையும் பார்க்கவும். தூங்கினால் எழுப்பிப் பார்க்கவும்.

ட்ரையாஜ் செவிலியர், இரவுப் பணி