சூமில் முதலில் பழக வேண்டிய சில அமைப்புகள்: திருகோணமலை ஆசிரியர்களுக்கான பயிற்சி உரை

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மூதூர், வெருகல் பக்கமிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்தவர்களுக்குத் தனியாக நன்றி.

சூமின் செட்டிங்ஸைத் திறந்தால் பக்கம் பக்கமாக வரும். அதில் பெரும்பாலானவற்றை இன்று நாம் தொடப்போவதில்லை. பின்னணிப் படம், முக அலங்காரம், மாணவரைக் குழுவாகப் பிரிப்பது, வாக்கெடுப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெருகலில் ஆறு பெருகி வீதி மூடியிருக்கும் ஒரு மார்கழி நாளில், அப்பாவின் போனில் பாடம் கேட்கும் பிள்ளைக்கு உங்கள் குரல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும், போட்ட டேட்டாவும் பாதியில் முடியக்கூடாது. இந்த இரண்டுக்கும் உதவும் அமைப்புகளைத்தான் இன்று பழகப்போகிறோம்.

முதலில் குரல். படம் மங்கினாலும் பாடம் நடக்கும். குரல் விட்டு விட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் கவனம் போய்விடும். மடிக்கணினியில் `Settings` திறந்து `Audio` பகுதிக்குப் போங்கள். எந்த மைக் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஹெட்செட் செருகியிருந்தாலும் சில வேளை கணினியின் சொந்த மைக்கே வேலை செய்துகொண்டிருக்கும். அப்போது மின்விசிறிச் சத்தமும் அயல்வீட்டுச் சேவலும் உங்களைவிடப் பெரிதாகக் கேட்கும். பக்கத்திலிருக்கும் `Test Mic` பொத்தானை அழுத்தி ஒரு வசனம் பேசி, அதையே திரும்பக் கேளுங்கள். பாடம் இல்லாத நேரத்தில் `zoom.us/test` என்ற முகவரிக்குப் போயும் தனியாகச் சோதிக்கலாம்.

அதே பகுதியில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. தகரக் கூரையில் மழை கொட்டும் மாரி காலத்தில் அதை `High` என்ற அளவுக்கு உயர்த்துங்கள். ஆனால் சங்கீத ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூம் மனிதக் குரலைப் பிடித்து மற்றதைத் தள்ளப் பார்க்கும். வீணையின் நீண்ட நாதத்தையும் சுருதிப்பெட்டியையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். உங்களுக்காகவே `Original sound for musicians` என்ற தெரிவு இருக்கிறது. அதை இங்கே செட்டிங்ஸில் தெரிவுசெய்யுங்கள். பாடம் நடக்கும்போது திரையின் மேலே வரும் பொத்தானால் தேவைக்கேற்பப் போட்டு நிறுத்தலாம்.

அடுத்தது, மாணவர்களின் மைக். `Participants` பட்டியலைத் திறந்து, கீழே மூன்று புள்ளியை அழுத்தினால் `Mute participants upon entry` என்று வரும். அதில் சரி அடையாளம் போடுங்கள். பிந்தி வரும் பிள்ளையின் வீட்டுத் தொலைக்காட்சி நாடகம் வகுப்புக்குள் நுழையாது. பேச விரும்பும் பிள்ளை தானே மைக்கைத் திறக்கும் அனுமதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கேள்வி கேட்க முடியாத வகுப்பு வகுப்பே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கணினியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வழி சொல்லிக்கொடுங்கள்: மைக் மூடியிருக்கும்போது இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தால் பேசலாம், விட்டால் மறுபடி மூடிவிடும்.

சரி, இனி டேட்டா. இதுதான் பெற்றோரின் பணம் என்பதால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சூம் நிறுவனமே தரும் அளவின்படி, குழுச் சந்திப்பில் நல்ல தரத்தில் வீடியோ பார்க்க வினாடிக்குச் சுமார் 600 கிலோபிட் வேண்டும். குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 வரை. வீடியோ இல்லாமல் திரையை மட்டும் பகிர 50 முதல் 75 வரை. 40 நிமிடப் பாடத்துக்கு வீடியோ சுமார் 180 எம்பி கேட்கும். குரலும் திரையும் சேர்ந்தாலும் 50 எம்பிக்குள் அடங்கும். வாரம் 20 பாடம் என்று வைத்தால், ஒன்று மூன்றரை ஜிபியைத் தாண்டும், மற்றது ஒரு ஜிபிக்குள் நிற்கும்.

அதனால் நான் சொல்வது இது. தொடக்கத்தில் கமராவைப் போட்டு முகம் காட்டி, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரவேற்றுவிட்டு, பிறகு கமராவை நிறுத்தித் திரையைப் பகிருங்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் இதற்கு விலக்கு. சின்னப் பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் வேண்டும், எழுத்தை உச்சரிக்கும்போது வாயசைவும் தெரிய வேண்டும். அவர்கள் `Video` பகுதியில் `HD` என்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

அதே பகுதியில் இருக்கும் `Mirror my video` பற்றி ஒரு சொல். கரும்பலகை முன்னால் நின்று பாடம் எடுப்பவர்கள் எழுத்து இடவலமாக மாறித் தெரிவதைக் கண்டு பதறுவார்கள். அது உங்கள் திரையில் மட்டும்தான். பிள்ளைகளுக்கு நேராகவே தெரியும். கண்ணை உறுத்தினால் அந்த அடையாளத்தை நீக்கிவிடுங்கள்.

திரை பகிரும்போது வீடியோ போட்டுக் காட்டுகிறீர்களா? பகிரும் பெட்டியின் அடியில் `Share sound` என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் அடையாளம் போடாவிட்டால் உங்களுக்குக் கேட்கும் சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்காது. அருகிலேயே `Optimize for video clip` உண்டு. வீடியோ ஓடும்போது மட்டும் அதைப் போடுங்கள். பாடக் குறிப்பைக் காட்டும்போது அது இருந்தால் எழுத்து மங்கிவிடும். போனிலிருந்து பகிர்பவர்கள் அதற்கு முன் போனை `Do Not Disturb` நிலைக்கு மாற்றிவிட வேண்டும். உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி முழு வகுப்புக்கும் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாகப் பாதுகாப்பு. கூட்டத்தின் கீழ்ப்பட்டியில் `Host tools` இருக்கும், பழைய பதிப்பில் அதன் பெயர் `Security`. அதில் இரண்டு காரியம். ஒன்று, `Waiting room` போட்டு வைப்பது. மற்றது, மாணவர்களுக்கான அனுமதிகளில் `Share screen` என்பதை நீக்குவது. அப்புறம், இணைப்பை யார் யாருக்கோ அனுப்பினாலும் அறிமுகமற்றவர் நேரே வகுப்புக்குள் வந்து கண்டதைக் காட்ட முடியாது. தகப்பனின் போனில் வரும் பிள்ளைக்குத் தகப்பனின் பெயர்தான் தெரியும் என்பதால், சொந்தப் பெயரோடும் தரத்தோடும் வரச் சொல்லி முதல் நாளே வாட்ஸ்அப்பில் அறிவித்துவிடுங்கள். தெரியாத பெயரை உள்ளே விடாதீர்கள். பெண்பிள்ளைகள் படிக்கும் வகுப்புகளில் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். அவர்கள் கேட்பது நியாயம்.

இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டுவேலையை 35ஆவது நிமிடத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது.

இப்போது இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். ஆசிரியர் மைக்கைச் சோதித்து, காத்திருப்பவரை உள்ளே எடுத்து, ஒரு நிமிட வீடியோவைச் சத்தத்தோடு பகிர வேண்டும். மாணவராக இருப்பவர் போனோடு வெளி விறாந்தைக்குப் போய்விடுங்கள். சத்தம் வந்ததா இல்லையா என்று அங்கிருந்துதான் சரியாகச் சொல்ல முடியும். முடிந்ததும் இடம் மாறிச் செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல்லைப் பலகையில் எழுதியிருக்கிறேன். சிக்கல் வந்தால் கையை உயர்த்துங்கள், நான் வருகிறேன்.