ஐந்தில் இரண்டு

விடியற்காலை ஐந்து மணிக்கு மலர்விழியின் போனில் 117 செய்திகள் கிடந்தன. பாதிக்கு மேல் ஒரே வீடியோ. எல்லாவற்றின் தலையிலும் இரட்டை அம்புக்குறி. பல கை மாறி வந்திருக்கிறது.

மொத்தம் 48 நொடி. கரும்பலகையில் அவள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். "சரியா?" என்று திரும்புகிறாள். "சரி டீச்சர்!" என்று ஆறாம் வகுப்பு கத்துகிறது. அதோடு முடிந்துவிடுகிறது. கீழே யாரோ சேர்த்திருந்தார்கள்: 'இவங்ககிட்டதான் நம்ம பிள்ளைங்க படிக்குது.'

முழு வீடியோ ஆறு நிமிடம். பின் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்தவள் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. அவ்வளவு நீளம் ஸ்டேட்டஸில் ஏறாது என்று முதல் பகுதியை மட்டும் வெட்டி, 'எங்க அக்கா கிளாஸ்' என்று ஆசையாகப் போட்டிருந்தாள். இரவு ஒன்பதரைக்குத் தப்பு புரிந்து நீக்கினாள். அதற்குள் யாரோ சேமித்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டேட்டஸை எடுத்தாலும், பிறர் போனில் இறங்கிய பிரதிகள் அங்கேயேதான் இருக்கும்.

அந்த 2/5 மலர்விழியுடையது அல்ல. முந்தைய நாள் திருத்திய 38 நோட்டுகளில் 11 நோட்டில் அந்த விடைதான் இருந்தது. மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிய விடை. சோம்பலில் வரும் தவறு இல்லை இது. இரண்டு பின்னங்களைப் பார்க்காமல் நான்கு முழு எண்களைப் பார்க்கிற கண்ணுக்கு அப்படித்தான் கூட்டத் தோன்றும். சிவப்பு மையில் அடித்தால் ஒரு வாரம் அடங்கும், பிறகு திரும்ப முளைக்கும். அதனால்தான் யார் பெயரும் சொல்லாமல் அதைத் தன் விடையாகவே பலகையில் எழுதினாள்.

வெட்டுப்பட்ட ஐந்து நிமிடத்தில் காகிதப் பட்டைகள் வந்தன. ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர், 2, 3, 5 மூன்றாலும் மீதியின்றி வகுபடும் நீளம். முன்பெல்லாம் மடிக்கச் சொல்வாள். மூன்றாக மடித்தால் ஓரம் சேராது; இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் போதும், பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுக் காகிதத்தோடு சண்டை போடும். இப்போது அளவுகோல் வைத்துக் குறிக்கிறார்கள். பாதி 15, மூன்றில் ஒன்று 10. ஒட்டி வைத்தால் 25. அதாவது 5/6. பலகையில் உள்ள 2/5-க்கு அளந்தால் 12.

"பாதியே பதினஞ்சு டீச்சர்," என்று ஒரு பெண் எழுந்தாள். "அதோட இன்னொண்ணைச் சேர்த்தா எப்படிப் பன்னெண்டாகும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் அந்த வகுப்பு. வீடியோவில் அது இல்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் காத்திருந்தார். "பசங்க எழுதின நோட்டைக் காட்டி ஒரு வீடியோ போட்டுடுங்க டீச்சர். பத்து நிமிஷத்துல அடங்கிடும்."

"நோட்டு வேண்டாம் சார்."

"அப்ப முழு வீடியோவைப் போடலாமே?"

"அதுல பிள்ளைங்க முகம் தெரியுது."

புது ஆசிரியை அழுத கண்ணோடு நின்றாள். மலர்விழி அவள் கையில் போனைக் கொடுத்து, மேசைமேல் பட்டைகளைப் பரப்பினாள். "என் கையும் பட்டையும் மட்டும் தெரியணும். பலகையில எழுதுறதுல இருந்து அந்தக் கேள்வி வரைக்கும், ஒரே ஓட்டமா எடு. நடுவுல நிறுத்தாத." இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

மணி அடிக்குமுன் செழியன் வாசலில் வந்து நின்றான். நோட்டை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"டீச்சர், என் நோட்டைப் பாத்துத்தானே எழுதினீங்க?"

"பதினோரு நோட்டுல இருந்துச்சுப்பா."

"நான் சொல்லிடவா டீச்சர், அது என் விடைன்னு?"

"வேண்டாம். நோட்டுல என்ன, காட்டு."

வீட்டில் அவனே வேறொரு கணக்கைத் தப்பான முறையில் போட்டுப் பார்த்திருந்தான். 1/2-ஐயும் 1/4-ஐயும் மேலே மேலே, கீழே கீழே கூட்டினால் 2/6. பட்டையில் 10. உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தில் மூன்று கோடுகள்: ஏழரை, பத்து, பதினைந்து.

"நேத்து பத்துக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல விழுந்துச்சு டீச்சர். இதுவும் நடுவுலதான் விழுது. தப்பாக் கூட்டினா எப்பவுமே நடுவுலதான் விழுமா?"

பதினெட்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. மலர்விழி ஒரு புதுப் பட்டையை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணுக்கொண்ணு தூரமா இருக்கிற ரெண்டை எடு. 1/5, 2/3."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு குறித்தான். ஆறு. இருபது. தப்புக் கூட்டலில் 3/8. அளவுகோலை நெருங்கிக் குனிந்தான்.

"பதினொண்ணே கால் டீச்சர்."

"நடுவுலயா?"

"நடுவுலதான்," என்றவன், அடுத்த பட்டைக்குக் கை நீட்டினான்.