வாடகை வரவுப் பதிவு: மார்ச் 2025

கீழ்த்தளத்தின் இரண்டு வீட்டாரும் தலா 12,000 வாடகையை 5ஆம் தேதிக்குள் முழுமையாகச் செலுத்திவிட்டனர். முன்பணம் தலா 60,000, நிலுவை இல்லை.

மாடி வீட்டில் இம்மாத வாடகை 10,000, பிப்ரவரி நிலுவை 4,000, ஆக 14,000 வரவேண்டியதில், 18ஆம் தேதி ரொக்கமாக வந்த 9,000 முதலில் பழைய நிலுவைக்கு வரவு வைக்கப்பட்டு ரசீதும் கொடுக்கப்பட்டது. எஞ்சிய 5,000 மார்ச் மாத நிலுவையாகும். முன்பணம் 50,000.

கடைக்கு மாதம் 15,000 வீதம் இரண்டு மாதமாக எதுவும் வராததால் நிலுவை 30,000. முன்பணம் 1,00,000 இருந்தாலும், அது காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித்தர வேண்டிய தொகையாதலால், வாடகைக்கு ஈடாக இதில் கழிக்கப்படவில்லை. வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில் நேரில் கேட்டு, எழுத்திலும் நினைவூட்ட வேண்டும்.

மொத்தத்தில், பழைய நிலுவை 19,000 உட்பட வரவேண்டியது 68,000, வந்தது 33,000, நிலுவை 35,000, கைவசமுள்ள முன்பணம் 2,70,000.