வியாழக்கிழமை வகுப்புக்கு: பீட்டர் சிங்கரின் ‘பஞ்சம், வளமை, அறநெறி’, சுருக்கமும் சில கேள்விகளும்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் சுருக்கம் சொல்வது என் முறை. ஆஸ்திரேலியத் தத்துவவாதி சிங்கரின் இந்தக் கட்டுரை பதினைந்து பக்கம்தான், முடிந்தவர்கள் மூலத்தையே ஒரு தரம் படித்துவிடுங்கள், ஏனென்றால் சிங்கர் மிக எளிமையாக எழுதுகிறார், அந்த எளிமையில்தான் நாம் எங்கே தலையாட்டினோம் என்பது தெரியாமல் போய்விடுகிறது.

எழுதப்பட்டது 1971 நவம்பரில், வெளிவந்தது 1972இல். அப்போது அவருக்கு வயது 25. புயல், உள்நாட்டுப் போர், தீராத வறுமை எல்லாம் சேர்ந்து இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்காளத்திலிருந்து குறைந்தது 90 லட்சம் பேரை அகதிகளாக்கியிருந்தன. அவர்களை ஒரு வருடம் உயிரோடு வைத்திருக்க 46 கோடியே 40 லட்சம் பவுண்டு தேவை என்பது அவர் தரும் மதிப்பீடு. பிரிட்டன் கொடுத்ததோ ஒன்றரைக் கோடி பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. கன்கார்டு விமானத்துக்கு அதே பிரிட்டன் ஏற்கெனவே செலவிட்டு, இனித் திரும்பி வராது என்று ஆன தொகை 27 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கும் மேல். ஆஸ்திரேலியா கொடுத்தது சிட்னி ஓபரா ஹவுஸ் கட்டிய செலவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார்.

வாதத்துக்கு இரண்டே கால்கள். உணவும் உறைவிடமும் மருத்துவமும் இல்லாமல் துன்பப்படுவதும் சாவதும் கெட்டது, இது முதலாவது. இதை மறுப்பவரோடு மேலே பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டாவது: ஒரு கெட்டது நடக்காமல் தடுப்பது நம் கையில் இருந்து, அதற்காக அதே அளவு அறமுக்கியத்துவம் உள்ள எதையும் நாம் பலியிட வேண்டியதில்லை என்றால், தடுத்தே ஆக வேண்டும். ‘நல்லதைப் பெருக்கு’ என்று அவர் கேட்கவில்லை, ‘கெட்டதைத் தடு’ என்று மட்டும்தான் கேட்கிறார். அதனால் ‘அவர் பயன்பாட்டுவாதி, மொத்த நன்மையைப் பெருக்குவதே அறம் என்பவர், நான் அப்படி இல்லை’ என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது.

அப்புறம் அந்தக் குளம். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கித் தூக்கினால் உடையில் சேறு படும், அவ்வளவுதான். விலை உயர்ந்த ஷூ பாழாவதெல்லாம் அவரே பிற்காலத்தில் சொன்ன வடிவம், இந்தக் கட்டுரையில் சேறு மட்டும்தான்.

குளத்திலிருந்து வங்காளத்துக்குப் போக அவர் இரண்டு வேலிகளைப் பிடுங்குகிறார். ஒன்று தூரம்: பத்து கஜத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையா, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் பெயர் தெரியாத வங்காளியா என்பது கடமையை மாற்றாது. இன்னொன்று எண்ணிக்கை: குளக்கரையில் என்னைப் போலவே பலர் கைகட்டி நிற்கிறார்கள் என்பதால் என் பொறுப்பு குறைந்துவிடாது. இங்கே ஒரு நுணுக்கமான இடம் வருகிறது. ‘என் நிலையில் உள்ள எல்லோரும் ஐந்து பவுண்டு கொடுத்தால் போதும், ஆகவே நானும் ஐந்து கொடுத்தால் போதும்’ என்று ஒருவர் சொல்லலாம். முதல் பாதி சரி. ஆனால் எல்லோரும் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதுமில்லை, அது நமக்கும் தெரியும், பிறகு முடிவு மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்கிறார். இதை வகுப்பில் யாராவது கரும்பலகையில் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

என் பார்வையில் கட்டுரையின் இதயம் குளம் அல்ல, அதற்கு அடுத்து வருவது. நாம் வழக்கமாகக் கடமை ஒரு பக்கம், ஈகை ஒரு பக்கம் என்று கோடு போடுகிறோம். கொடுத்தவனைப் பாராட்டுவோம், கொடுக்காதவனைக் குற்றம் சொல்ல மாட்டோம். சிங்கர் அந்தக் கோட்டை அழிக்கிறார். குளிருக்காக அல்லாமல் பளிச்சென்று தெரிவதற்காகப் புது உடை வாங்கும் பணத்தைப் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்தால் அது தாராள மனசு ஆகாது. செய்ய வேண்டியதைச் செய்தோம், செய்யாமல் விட்டால் தவறு, அவ்வளவுதான்.

இதைத் தமிழில் பேசும்போது ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ‘தருமம்’ என்ற சொல் நம்மிடம் அறநெறியையும் குறிக்கும், பிச்சை போடுவதையும் குறிக்கும். அதைப் பயன்படுத்தினால் சிங்கர் எதை அழிக்கிறார் என்பதே தெரியாது, ஆகவே வியாழக்கிழமை ‘கடமை’, ‘ஈகை’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வோம். குறள் இரண்டையும் பிரித்துத்தான் வைக்கிறது: ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், ஈகை 23. ஒப்புரவின் முதல் குறளிலேயே ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று வந்துவிடுகிறது. ஆனால் ‘வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்’ என்று தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம். ஒப்புரவில் ஊருணியும் பயன்மரமும் உவமையாக வருகின்றன, கண்ணுக்கு எட்டாத அந்நியர் அங்கே எவ்வளவு தூரம் வருகிறார் என்பது தனிக் கேள்வி.

எதிர்ப்புகளை அவரே எடுத்துப் பேசுகிறார். அரசு செய்ய வேண்டியதைத் தனி ஆட்கள் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். யாருமே கொடுக்காவிட்டால்தான் மக்களுக்கு அக்கறை இல்லை என்று அரசு நினைக்கும் என்பது அவர் பதில். மக்கள்தொகை பெருகிக்கொண்டே போகும்போது இப்போது காப்பாற்றி என்ன பயன் என்பார்கள். அதை நம்புகிறவர் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்குப் பணம் கொடுக்கட்டும், எதுவும் செய்யாமல் இருக்க அது காரணம் ஆகாது என்கிறார். இவை இரண்டும் சுலபமானவை, இவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கடினமானது இதுதான்: இவ்வளவு கேட்டால் மனிதன் தாங்குவானா? சாதாரண ஆள் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் அறவிதி இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அடிப்படை விதிகளையும் கைவிட்டுவிடுவான் என்பது சிட்ஜ்விக், உர்ம்சன் போன்ற தத்துவவாதிகளின் கவலை. கடமைக்கும் ஈகைக்கும் நடுவே கோடு எங்கே போடுகிறோம் என்பதே மக்கள் எவ்வளவு செய்வார்கள் என்பதைப் பாதிக்கிறது என்று சிங்கர் திருப்பிச் சொல்கிறார். பரவாயில்லாத பதில், ஆனால் எனக்குப் போதவில்லை.

ஏனென்றால் அவர் எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள். வாதத்தின் அந்த இரண்டாவது காலின் வலுவான வடிவத்தின்படி, இனியும் கொடுத்தால் எனக்கோ என்னை நம்பியிருப்பவர்களுக்கோ நான் நீக்கும் துன்பத்துக்குச் சமமான துன்பம் வந்துவிடும் என்ற எல்லை வரை கொடுக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட அந்த அகதியின் நிலைக்கே இறங்கிவிட வேண்டும். ‘அறமுறையில் பொருட்படுத்தத்தக்க எதையும் இழக்காமல்’ என்று ஒரு மிதமான வடிவமும் தருகிறார். அதை ஏற்றால்கூட நுகர்வுச் சமூகம் இப்படியே ஓடாது என்கிறார், அவர் மனம் வலுவானதின் பக்கம்தான். ஆனால் உடையில் சேறு படும் உதாரணத்துக்கு மிதமான வடிவமே போதுமே. குளம் நம்மை அதுவரைதான் கூட்டிப் போகிறது, மிச்ச தூரத்தைச் சிங்கர் நம்மைக் கேட்காமலே கடந்துவிடுகிறார் என்பது என் சந்தேகம்.

ஆக வியாழக்கிழமை குளத்தைப் பற்றிச் சண்டை போடாமல் இந்த இடைவெளியைப் பற்றிப் போடுவோம். வலுவான வடிவத்துக்காகப் பேச ஒருவர் வேண்டும், முடிந்தால் அதை நம்பாத ஒருவர். எதிர்த்துப் பேச நான் இருக்கிறேன். ஐந்து பவுண்டு வாதத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. புதன் இரவுக்குள் யாராவது கை தூக்கிவிடுங்கள்.