வேதிச் சமநிலை, வினைவேகம்: செறிவு–நேர வரைபடக் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பு திருப்புதல் – மதிப்பெண் 20

நேற்று அனுப்பிய தாளின் போட்டோவில் வரைபடத்தின் கீழ்ப்பகுதி நிழலில் மறைந்துவிட்டதாகப் பலர் சொன்னீர்கள். அதனால் அளவுகளையும் சேர்த்துத் தட்டச்சு செய்திருக்கிறேன். முதலில் இவற்றை வரைபடத்தாளில் குறித்து, இரண்டு வளைகோடுகளையும் கையால் வரையுங்கள். வரையாமல் மூன்றாம் கேள்விக்குப் போக வேண்டாம்.

N2O4(g) ⇌ 2NO2(g)

ஒரு லிட்டர் மூடிய குடுவையில் 0.18 மோல் N2O4, 100 °C-இல். N2O4 நிறமற்றது, NO2 பழுப்பு நிறம். உண்மையில் இந்த வினை இதைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கும். வரைந்து பார்க்க வசதியாக நேரத்தை நீட்டியிருக்கிறேன்.

நேரம் (விநாடி): 0, 10, 18, 40, 80, 100
[N2O4] (மோல்/லிட்டர்): 0.180, 0.140, 0.120, 0.096, 0.090, 0.090
[NO2] (மோல்/லிட்டர்): 0, 0.080, 0.120, 0.168, 0.180, 0.180

1. முதல் 10 விநாடிகளிலும், 10 முதல் 18 விநாடி வரையிலும் N2O4 குறையும் சராசரி வேகத்தைக் கணக்கிடுக. இரண்டாவது ஏன் குறைவு? அதே நேரத்தில் NO2 உருவாகும் வேகம் என்ன? (4)

2. 90-ஆவது விநாடியில் தொடுகோட்டின் சாய்வு பூஜ்யம். அப்படியானால் வினை நின்றுவிட்டதா? (2)

3. 18-ஆவது விநாடியில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. "இரண்டு செறிவும் சமம், எனவே இதுதான் சமநிலை" என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். வருடா வருடம் விடைத்தாள்களில் நான் பார்க்கும் தவறு இது. சமநிலையில் சமமாக இருப்பது எது, மாறாமல் இருப்பது எது என்று பிரித்து எழுதுக. அப்புறம் 18-ஆவது விநாடியில் வினைகுணகம் Q-வைக் கணக்கிட்டு, வினை எந்தத் திசையில் நகர்கிறது என்று நிறுவுக. (5)

4. Kc மதிப்பைக் காண்க. குடுவையை இன்னும் சூடாக்கினால் பழுப்பு நிறம் அடர்கிறது. முன்னோக்கு வினை வெப்பம் கொள்வதா, உமிழ்வதா? Kc என்னவாகும்? (3)

5. 100-ஆவது விநாடியில், வெப்பநிலை மாறாமல், கனஅளவு சட்டென்று பாதியாக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் இரண்டு செறிவுகளும் எவ்வளவு? Q எவ்வளவு? வரைபடத்தை 160 விநாடி வரை நீட்டி வரைக. 100-இல் கோடுகள் செங்குத்தாக எழும்புவது தெரிய வேண்டும். NO2-இன் செறிவு முதலில் ஏறி, பிறகு சற்று இறங்கும். ஆனாலும் பழைய 0.180-க்குத் திரும்பாது. ஏன்? "லீ சாட்லியர் தத்துவப்படி" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன். Q, Kc இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள். (6)